நாற்பத்தேழாம் எண் பெட்டி

திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வேலையைத் தராசக்கா வேறு யாரிடமும் ஒப்படைத்ததில்லை. அந்த வேலைக்குப் போட்டியும் இருந்ததில்லை. அலுவலகங்களுக்கு மதியச் சோறு அனுப்பும் தொழிலில் இன்று தின்ற பெட்டி இன்றே திரும்புவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பெட்டிகள்; நாளை மதியம் மற்றதைக் கொடுக்கும்போதுதான் இன்றையது கைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் ஒரு பகலும் ஓர் இரவும் மேசைக்கடியில் ஊறி, புளித்து, மூடியைத் தளர்த்தியதும் முகத்தில் மூச்சு விடுகிற பக்குவத்தில்தான் வந்து சேரும். நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள். நூற்றுப் பதினெட்டு மூச்சுகள்.

பதினொரு வருடமாக இதைச் செய்துவந்ததில் மனிதர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் மிஞ்சவில்லை. பருப்பில் முக்கி அணைத்த சிகரெட், மூடியின் உட்புறம் ஒட்டிய சூயிங்கம், மூக்குச் சிந்திய காகிதம், பல்லிடுக்கைக் குத்திய குச்சி என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒருமுறை ஒட்டு நகம் ஒன்று வந்தது. கணக்கும் தொலைபேசியும் பார்க்கிற கணவர், "பாவம், தேடிக்கிட்டிருப்பாங்க. நாளைக்குச் சோத்தோட வெச்சுத் திருப்பி அனுப்பிடலாமா?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்டாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

பொதியிடும் மேசையில் ஒரு மின்தராசு இருந்தது. நிரப்பிய பெட்டி ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கும். பெட்டியின் எடை போக, அறுநூற்று இருபது கிராம்; ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம், ஆறாவது கிராமுக்கு மன்னிப்பில்லை. அந்தத் தராசினால்தான் அவளுக்கு அந்தப் பெயர். சமையலறைப் பெண்கள் வைத்த பெயரைப் பிறகு கணவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

மூடியில் நிறப் பொட்டு இருக்கும். பச்சை என்றால் சைவம், சிவப்பு என்றால் அசைவம், நீலம் என்றால் உப்பும் எண்ணெயும் குறைத்தது. மஞ்சள் ஒன்றே ஒன்றுதான்: பன்னிரண்டாம் எண். ஆறுமாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுடையது. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று பொருளன்று. தொண்டை அடைத்துவிடும் என்று பொருள். எனவே மஞ்சள் பெட்டியைத் தராசக்கா காலை ஒன்பது மணிக்கு, கடலைப் பொடி ஜாடியின் மூடி திறக்கப்படுவதற்கு முன்பே, தனிக் கரண்டியால் நிரப்பி, தனித் துணியால் துடைத்து, கொக்கி மாட்டி, மேல் தட்டில் வைத்துவிடுவாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு.

அந்தப் பெண்ணின் முகம் திங்கட்கிழமை மதியம் வீங்கியது. அன்றைய பச்சைப் பெட்டிகளில் கடலைப் பொடி தூவிய பீன்ஸ் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; மூச்சுக்கு ஆபத்தில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அந்த அலுவலகத்தின் நிர்வாக அதிகாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வந்து, என்ன நடந்தது என்பதை எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் முதல் தேதி முதல் அறுபத்திரண்டு பெட்டிகளும் நிறுத்தப்படும்.

கணவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கட்டினதுதானே அது?"

"நான் கட்டினதுதான்."

"அப்போ கடலை எப்படி உள்ள போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

"தெரியலை. என் மேசையிலேர்ந்து போகலை."

"மேசை உன்னது, கரண்டி உன்னது, தராசு உன்னது. கடலை மட்டும் பக்கத்து வீட்டுதா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வயசாகுதும்மா. கை தவறும். அதுல ஒண்ணும் வெக்கமில்லை. முதல் தேதியிலேர்ந்து நீ போனைப் பாத்துக்க, மேசைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. தன் கை தவறியதா என்று யோசித்துக்கொண்டே ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

புதன்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, வழக்கம்போல் மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது.

மாப்பிள்ளை என்பவர் கணவருடைய தங்கையின் கணவர். கணவர் அப்படிக் கூப்பிடுவது முறை. ஆனால் வாசற்காவலர், ஆறுமாடிக் கட்டடத்தின் லிப்ட்காரர், அலுவலகத்துப் பெரிய அதிகாரிகள் என எல்லோருமே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரே அவருக்குப் பெண் கொடுத்த உரிமை போல. கூப்பிட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு நீளமான ஸ்பூனும் எப்போதும் செருகியிருக்கும். எதற்கு என்று கேட்டால், "டீ கலக்கறதுக்கு தங்கச்சி. கடைக்காரன் சக்கரையை அடியிலயே விட்டுடறான்" என்பார்.

அவருடைய தடத்தில் எழுபது பெட்டிகள்: சின்ன அலுவலகங்கள் மூன்றில் எட்டு, கடைசியாக ஆறுமாடிக் கட்டடத்தில் அறுபத்திரண்டு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறும் என்பதால், அந்த அறுபத்திரண்டும் பைகளில் அடுக்கப்பட்டு வண்டியின் ஆழத்தில் இருக்கும். மீதி நாற்பத்தெட்டுப் பெட்டிகளும் வேறொரு வண்டியில் வேறொரு திசைக்குப் போகும்.

"உடம்பு எப்படியிருக்கு தங்கச்சி? கேள்விப்பட்டேன். மனசுல வெச்சுக்காதே. தப்பு யாருக்குத்தான் நடக்காது?" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை வெறும்பெட்டிப் பைகளை இறக்கிவைத்துவிட்டு, வண்டி சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

தராசக்கா கையுறையை மாட்டிக்கொண்டு தொடங்கினாள். ஒவ்வொரு பெட்டியையும் திறப்பாள், எச்சத்தைத் தட்டுவாள், அடியில் பொறித்த எண்ணைப் பார்த்துத் தாளில் குறிப்பாள், தொட்டியில் போடுவாள். மாதக் கடைசி என்பதால் அந்தத் தாளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. யார் யார் எந்தெந்த நாள் வேண்டாமென்று முந்தின நாளே சொன்னார்கள், யாருக்கு இருபத்திரண்டு நாள், யாருக்குப் பத்தொன்பது நாள் என்று பில் போடுவது அதை வைத்துத்தான்.

முப்பத்தொன்பதாவதாக எடுத்த பெட்டியில் எண் நாற்பத்தேழு.

அவள் தாளைப் பார்த்தாள். நாற்பத்தேழாம் வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அந்த வாடிக்கையாளர் நான்கு மாதங்களுக்கு முன்பே வேலை மாறிப் போய்விட்டார். அவருடைய பெட்டிகள் இரண்டும் திரும்பவில்லை. அதே வாரத்தில் நின்றுபோன அறுபத்து மூன்றும் தொண்ணூறும்கூடத் திரும்பவில்லை. 'தொலைந்தவை' என்று மாப்பிள்ளை சொன்னதை அவளே தன் கையால் எழுதியிருந்தாள்.

தொலைந்த பெட்டி தின்று முடித்து வந்திருக்கிறது. அவள் அதை மறுபடி திறந்தாள்.

இம்முறை மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நன்றாகப் பார்த்தாள். மீந்திருந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் நீலப் பெட்டிக்கு மட்டுமே போகிற தவிட்டரிசிச் சோறு நான்கு பருக்கை இருந்தது. அதன்மேல் பச்சைப் பெட்டியின் பட்டாணி. பட்டாணிக்கடியில் சிவப்புப் பெட்டியின் கோழித்தோல் ஒரு துண்டு. ஓரத்தில் பாதி முட்டை. அதன் மஞ்சளில் ஒரு கட்டைவிரல், ரேகையோடு, அழகாகப் பதிந்திருந்தது.

தராசக்கா அந்த ரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளையும் கட்டியவள் அவள். இப்படி ஒரு பெட்டியை அவள் கட்டவில்லை. பச்சையும் சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கலந்த பெட்டி அவளுடைய மேசையில் பிறக்கவே முடியாது. அப்படியென்றால் அது மேசையைவிட்டுப் போன பிறகு, மற்றவர்களின் பெட்டிகளிலிருந்து பிறந்திருக்கிறது.

பதினொரு வருடத்தில் முதன்முறையாக அவள் தொட்டிப் பக்கம் போய்க் குனிந்து நின்றாள்.

"என்னக்கா, பல்லி கில்லி இருந்துச்சா?" என்றாள் பாத்திரம் அலசுகிறவள்.

"பல்லியா இருந்தா பரவாயில்லை" என்றாள் தராசக்கா. நாற்பத்தேழை மட்டும் கழுவக் கொடுக்காமல் ஒரு பையில் சுற்றி எடுத்துவைத்தாள்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. பெட்டி மூடி ஒவ்வொன்றிலும் சமையலறையின் எண் ஒட்டியிருக்கும். மறுநாள் சோறு வேண்டாமென்றால் சொல்வதற்காக. கணவர் காய் மண்டிக்குப் போயிருந்ததால் தராசக்காவே எடுத்தாள்.

"வணக்கங்க. ஆறுமாடி பில்டிங்ல, கீழ வீட்டுத் தரகு ஆபீஸ்லேர்ந்து பேசறேன். நாங்க மூணு பேர் உங்க சாப்பாடுதான். நாலு மாசமா பணம் கரெக்டா குடுத்துடறோம். பில்லு மட்டும் வரவே மாட்டேங்குது. ஆடிட்டர் கேக்கறார். கொஞ்சம் அனுப்பிவெச்சீங்கன்னா…"

"பெட்டி நம்பர் சொல்லுங்க."

"நாப்பத்தேழு, அறுபத்து மூணு, தொண்ணூறு. நேத்து என் பையன் காலிப் பெட்டி ஒண்ணைத் தெரியாம வண்டிப் பையிலயே போட்டுட்டான். மாப்பிள்ளை எப்பவும் அதைத் தனியா வாங்கிக்குவார். ரொம்ப நல்ல மனுஷன். அப்புறம் ஒண்ணு சொல்லணும். உங்க சாப்பாடு மாதிரி வராதுங்க. மத்த கடையிலெல்லாம் ஒரே குழம்பு, ஒரே காய். உங்ககிட்ட வாய்க்கு ஒரு ருசி. எப்படித்தான் செய்யறீங்களோ!"

"இன்னிக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லித் தராசக்கா போனை வைத்தாள்.

பெட்டிகள் கட்டி முடிந்து, மாப்பிள்ளையின் வண்டி பதினொன்று பத்துக்குப் புறப்பட்டது. அவர் வழியில் மூன்று இடங்களில் இறங்க வேண்டும். அவள் ஒரு ஆட்டோ பிடித்து நேராகப் போனதால், அவருக்கு முன்பே ஆறுமாடிக் கட்டடத்தை அடைந்துவிட்டாள். வாசற்காவலரின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நாள்தோறும் மாப்பிள்ளை உள்ளே வந்த நேரம் பதினொன்று ஐம்பது. முதல் மாடியில் பெட்டி வாங்கிக் கையெழுத்துப் போடும் நேரம் பன்னிரண்டு இருபத்தைந்து என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏற முப்பத்தைந்து நிமிடம். நத்தைகூட இடையில் உறங்காமல் வந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கும்.

சேவைப் படிக்கட்டுக்கடியில் தண்ணீர்க் கேன்கள் அடுக்கிவைக்கும் ஒரு சிறிய அறை. பன்னிரண்டு ஐந்துக்கு அவள் அதன் கதவைத் தள்ளினாள்.

மாப்பிள்ளை ஒரு கவிழ்த்த கேனின் மேல் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அறுபத்திரண்டு பெட்டிகளும் வாய் திறந்து கிடந்தன, பல் டாக்டரிடம் போன கூட்டம்போல. மடியில் மூன்று பெட்டிகள். வலக்கையில் அந்த நீள ஸ்பூன். ஒரு சிவப்புப் பெட்டியிலிருந்து கோழி ஒரு துண்டு, பக்கத்துப் பச்சைப் பெட்டியிலிருந்து காய் ஒரு ஸ்பூன், நீலத்திலிருந்து சோறு. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஸ்பூனை நாக்கில் வைத்துத் துடைத்துக்கொண்டார். சுத்தத்தில் அக்கறையுள்ளவர்.

அவளைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"அட, தங்கச்சி! நீயா? சாப்பிட்டியா?"

தராசக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மேல் வரிசையில் மஞ்சள் பொட்டு வைத்த பெட்டியும் திறந்திருந்தது.

"மஞ்சளையுமா தொறந்தீங்க?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர்கிட்ட எடுத்தா ஓரவஞ்சனை ஆயிடாதா?"

"திங்கக்கிழமையும் இதே ஸ்பூன்தானா?"

"எப்பவும் மேல இருக்கற மஞ்சள்லதான் ஆரம்பிப்பேன், அன்னிக்கு மட்டும் வரிசை மாறிப்போச்சு. எனக்கு இருக்கறதே ஒரு ஸ்பூன்தானே."

அவர் சொன்ன விதத்தில் ஒரு ஏழ்மைகூட இருந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, நியாயம் பேசத் தொடங்கினார்.

"இதப் பாரு. திரும்பி வர்ற பெட்டியைத் தொறந்து பாக்கறவ நீ. பாதிப் பேர் பாதிச் சோத்தைக் குப்பையிலதான் கொட்டறான். குப்பைக்குப் போகப்போறதை நான் கொஞ்சம் முன்னாடியே எடுக்கறேன். அவ்வளவுதான். ஒரு ஸ்பூன்ல யாரு செத்துட்டா?"

"அண்ணே, அந்தப் பொண்ணு சாகலை. அதுக்குத்தான் ஊசி போட்டாங்க."

"அதான் பொழச்சுடுச்சுல்ல?"

அவள் மனம் தன்னிச்சையாக ஒரு கணக்குப் போட்டது. மூன்று பெட்டிக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிராம். அதை அறுபத்திரண்டால் வகுத்தால் பெட்டிக்கு முப்பது கிராம். ஆறாவது கிராமுக்கு மன்னிப்பில்லாமல் அவள் பதினொரு வருடம் நிறுத்த தராசுக்கு இந்த மனிதர் நாள்தோறும் முப்பது கிராமும் ஒரு நாக்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

"எல்லாத்தையும் மூடுங்க. ஒண்ணும் மேல போகக் கூடாது. திருப்பி வண்டியில ஏத்துங்க" என்றாள்.

"அறுபத்திரண்டு பேருக்குச் சோறு?"

"வண்டி பழுதுன்னு நான் சொல்லிக்கறேன்."

அதுதான் அந்த வாரத்தில் அவள் சொன்ன ஒரே பொய்.

*

அன்று மாலை நான்கு மணிக்குக் கணவர் முழுக் கதையையும் கேட்டார். நாற்பத்தேழாம் பெட்டியைத் திறந்து காட்டியபோது மூக்கைப் பொத்திக்கொண்டார். உடனே மாப்பிள்ளையைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். நன்றிகெட்டவன், சோறு போட்ட வீட்டில் கை வைத்தவன் என்றெல்லாம். தராசக்காவுக்கு மூன்று நாளைக்குப் பிறகு பசிப்பது போலக்கூட இருந்தது. அதற்குள் கணவரின் தங்கை தொலைபேசியில் அழுதாள். கணவர் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவருடைய முகத்தில் கோபம் இருந்த இடத்தில் யோசனை வந்து உட்கார்ந்திருந்தது.

கணினி முன்னால் அமர்ந்து ஒரு பத்தி தட்டச்சு செய்தார். அச்செடுத்து அவள் முன் வைத்தார்.

'பொதியிடும்போது எனது கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, அவளுடைய பெயர்.

"இது என்ன?"

"நாளைக்குக் கொடுக்கற கடுதாசி. பாரும்மா, கோபப்படாம கேளு. கட்டறப்போ கை தவறிடுச்சுன்னு சொன்னா, சரி, மனுஷத் தப்பு, மன்னிச்சு விட்டுடுவாங்க. எவனோ நாலு மாசமா எல்லார் பெட்டியையும் தொறந்து, ஸ்பூனை நக்கி நக்கி எடுத்தான்னு சொன்னா? அறுபத்திரண்டு மட்டுமா போகும்? நூத்திப் பதினெட்டும் போகும். ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். துப்பறதுக்குத் தகுந்த காரியம்தானே?"

"உனக்கு என்ன நஷ்டம் இதுல? ஒரு கையெழுத்து. முதலாளி வீட்டுப் பொம்பளை தப்பு பண்ணா யாரும் வேலையை விட்டு எடுக்கமாட்டாங்க."

"நீங்க எடுத்தீங்களே. முந்தாநாளு."

கணவர் காகிதத்தின் மூலையை நேராக்கினார். "அது அப்போ தெரியாம சொன்னது. இப்பதான் தெரிஞ்சுபோச்சே, உன் மேல தப்பில்லைன்னு. நமக்குள்ள தெரிஞ்சா போதாதா?"

அவள் அவரைப் பார்த்தாள். இருபத்தோரு வருடமாக அவள் சோறு போட்டுவந்த மனிதர். அவரையும் ஒரு பெட்டியாக எண்ணிப் பார்த்தால், மூடி நன்றாகத்தான் பளபளத்தது. கொக்கியைத் தளர்த்தியபோது வந்த மூச்சு, திரும்பி வந்த எந்தப் பெட்டியிலும் அவள் முகர்ந்திராதது.

"சரி. இதை நாளைக்கு அங்க கொண்டுவரேன்" என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அது நாற்பத்தேழாம் பெட்டி இருந்த அதே பை.

*

வெள்ளிக்கிழமை மதியப் பெட்டிகளை ஆட்டோவில் அவளே கொண்டுபோய் அறுபத்திரண்டையும் கைப்படக் கொடுத்தாள். மூன்று மணிக்கு இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நிர்வாக அதிகாரியின் எதிரில் கணவரோடு உட்கார்ந்தாள். அதிகாரி நடுவயதுப் பெண்மணி. குறிப்பேட்டில் கோடு போட்டு எழுதுகிறவர். அவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் எண்ணுக்குரிய பெண். அவளுடைய இடக்கண் இமை இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது. மூன்று வருடமாக அவளுக்குத் தனிக் கரண்டியால் சோறு போட்ட தராசக்கா அவளை அன்றுதான் பார்த்தாள்.

"எழுத்துல கேட்டிருந்தேன்" என்றார் அதிகாரி.

"கொண்டுவந்திருக்கோம் மேடம். ஒரு சின்ன மனுஷத் தவறு" என்றார் கணவர். "எடுத்துக் கொடும்மா."

தராசக்கா பையைத் திறந்தாள். முதலில் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள், கையெழுத்து இல்லாமல். அதன்மேல் நாற்பத்தேழாம் பெட்டியை வைத்தாள்.

"இந்தக் கடுதாசியில இருக்கறது பொய்ங்க. இந்தப் பெட்டியில இருக்கறதுதான் நிஜம்" என்றாள். "தொறக்கறேன். வாசனை வரும். மன்னிச்சுக்கங்க."

கணவர் அவளுடைய முழங்கையைத் தொட்டார். அவள் கொக்கியை விடுவித்தாள்.

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: மஞ்சள் பொட்டை முதலில் கட்டுவது, படிக்கட்டுக்கடி அறை, ஸ்பூன், முப்பது கிராம், நாக்கு. குரலை உயர்த்தவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. நாக்கைப் பற்றிச் சொன்னபோது அதிகாரி தன் முன்னிருந்த காபிக் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா."

"நேத்து வண்டி பழுதுன்னு சொன்னீங்க."

"அது பொய்தான். நேத்துப் பெட்டிகளைக் குப்பையில கொட்டிட்டேன். உங்களுக்கு அனுப்ப மனசு வரலை."

"இன்னிக்குச் சாப்பிட்டது?"

"என் மேசையிலேர்ந்து உங்க கைக்கு. நடுவுல யாருமில்லை."

அதிகாரி குறிப்பேட்டை மூடினார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா இதைக் கேட்ட பிறகு யாரும் சாப்பிட மாட்டாங்க. நானே மாட்டேன். முதல் தேதியிலேர்ந்து வேண்டாம்."

பன்னிரண்டாம் எண்ணுக்குரிய பெண் எழுந்து வாசல்வரை கூட வந்தாள். ஏதோ சொல்லத் தயங்கினாள்.

"உங்க மேல தப்பில்லைன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சுங்க. மூணு வருஷமா ஒரு நாள்கூட எனக்கு ஒண்ணும் ஆனதில்லை." அவள் கையிலிருந்த துணிப்பையை நீட்டினாள். உள்ளே மஞ்சள் பொட்டுப் பெட்டி. கழுவித் துடைத்து, கொக்கி மாட்டியிருந்தது. "ஆனா இந்த டப்பாவை இனிமே என்னால பாக்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

தராசக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தானும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

லிப்டில் கணவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "உன் பேரைக் காப்பாத்திக்கிட்ட. சந்தோஷம்தானே?"

அவள் தலையாட்டினாள். உண்மையில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை. கை தவறவில்லை என்பது மட்டும் இருந்தது.

*

அந்த மாதப் பில்களை அவளே போட்டாள். அறுபத்திரண்டு பெயர்களுக்கும், நான்கு மாதங்களுக்கும், பெட்டிக்கு முப்பது கிராம் வீதம் குறைத்து. அறுநூற்று இருபதில் முப்பது என்பது நூற்றுக்கு நான்கு புள்ளி எட்டு நான்கு. கணவர் ஐந்தென்றே போட்டுவிடலாமே என்றார், கிண்டலாக. கூடுதலாகக் கொடுப்பதும் தவறான நிறை என்று அவள் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையை இன்னொரு வண்டிக்கு மாற்றலாமா என்று கணவர் ஒருமுறைதான் கேட்டார். "அவர் வண்டியில ஏறினா நான் மேசையிலேர்ந்து இறங்கிடுவேன்" என்றாள். மாப்பிள்ளை இப்போது ஒரு மருந்துக்கடையிலிருந்து வீடுகளுக்குப் பொட்டலம் கொண்டுபோகிறார். அங்கே மாத்திரைகளை யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று தராசக்கா விசாரிக்கவில்லை.

முதல் தேதி ஐம்பத்தாறு பெட்டிகள் புறப்பட்டன. ஒவ்வொரு கொக்கியின் குறுக்கும் ஒரு காகிதப் பட்டை. அதில் எடையும் அவளுடைய கையெழுத்தும். கிழிந்திருந்தால் வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போயிருந்தது.

காலையில் வீட்டுத் தரகர் மறுபடி போன் செய்தார். மாப்பிள்ளை வரவில்லையே, இனிமேல் முறையாகவே, பில்லோடு, சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். மற்ற இருவரும் வேறெங்கோ ஏற்பாடு செய்துகொண்டார்களாம். தராசக்கா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் நான்கு மாதமாகத் தின்றது என்ன என்பதை, நாக்கு உட்பட, சொன்னாள்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரும் தொட்டிப் பக்கம் போயிருப்பார் என்று அவள் எண்ணினாள்.

"அப்படியா" என்றார் தரகர். பிறகு, யோசித்து, "ஆனா ருசியா இருந்துச்சுங்களே" என்றார்.

கணவர் போனை அவள் கையிலிருந்து வாங்கி, அவரைச் சேர்த்துக்கொண்டார். காலி எண் எது என்று பார்த்து நாற்பத்தேழையே கொடுத்தார். கொதிநீரில் மும்முறை அலசிய பெட்டியில் தராசக்கா பச்சைப் பொட்டு ஒட்டி, பருப்பும் காயும் சோறும் அறுநூற்று இருபது கிராம் நிறுத்து, பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஐம்பத்தேழாவது பெட்டி.

மறுநாள் இரண்டரைக்கு வெறும்பெட்டிகள் வந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டாவதாக எடுத்தது நாற்பத்தேழு. திறந்தாள். சோற்றில் பாதி அப்படியே இருந்தது. அதன் நடுவில், வாய் துடைத்த காகிதம் ஒன்று நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தது. பிரித்தால் உட்பக்கத்தில் எழுத்து.

'சுமார். எல்லாம் ஒரே ருசி. பழைய மாதிரி கலந்து தர முடியுமா?'

தராசக்கா அதைக் கடைசிவரை படித்தாள். சூயிங்கமும் பல்குச்சியும் கிடந்த வாளியில் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். பிறகு சோப்பை எடுத்து, முழங்கைவரை, இரண்டு முறை கழுவினாள்.